இருபது நிமிட ஸ்கிரிப்ட்டைப் பத்து நிமிடமாக்குவது எப்படி: வாதம் உடையாமல் வெட்டும் முறை

ஸ்கிரிப்ட்டைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றதும் பெரும்பாலானவர்கள் முதல் வரியிலிருந்து தொடங்குகிறார்கள். இங்கே ஓர் அடைமொழி, அங்கே ஒரு வாக்கியம் என்று அடித்துக்கொண்டே கடைசிவரை போவார்கள். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். இந்த வழியில் இருபது நிமிடத்திலிருந்து இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று நிமிடம்தான் குறையும். அதற்குமேல் வற்புறுத்தினால் எல்லாப் பகுதியும் ஒரே அளவு மெலிந்து, எதுவும் மனதில் பதியாத ஒன்று மிஞ்சும். பாதியைக் குறைக்க வேண்டுமென்றால் முழுப் பகுதிகளையே எடுக்க வேண்டும். எதை எடுத்தால் வாதம் நிற்கும், எதை எடுத்தால் சரியும் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் இதில் உண்மையான வேலை.

பேசி விளக்கும் காணொளிக்கு நான் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட்டையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். வியன்னா பொது மருத்துவமனையில் வேலை பார்த்த மருத்துவர் செம்மெல்வைஸ் பற்றியது அது. பிரசவக் காய்ச்சலில் பெண்கள் இறப்பதைக் கை கழுவுவதால் குறைக்கலாம் என்று 1847இல் காட்டியவர் அவர். அவர் சொன்னதைப் பெரும்பாலான மருத்துவர்கள் ஏன் ஏற்கவில்லை என்பதே என் கேள்வி. ஸ்கிரிப்ட் சரியாக 20 நிமிடம் ஓடியது. கிடைத்த இடம் 10 நிமிடம்.

முதலில் கடிகாரம்

எழுத்தில் எத்தனை சொல் இருக்கிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள். தமிழில் "போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து" என்பதும் ஒரு சொல், "ஆம்" என்பதும் ஒரு சொல். சேர்த்து எழுதினால் எண்ணிக்கை குறையும், பேசும் நேரம் குறையாது. அதனால் ஸ்கிரிப்ட்டின் நடுப்பகுதியிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து, பதிவின்போது பேசும் அதே வேகத்தில் வாய்விட்டுப் படித்து டைமரில் பாருங்கள். மனதுக்குள் படிப்பது கணக்கில் வராது, அது எப்போதும் வேகமாகத்தான் போகும். என் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 100 சொல். அதன்படி பத்து நிமிடத்துக்கு 1000 சொல் என்றாலும், மூச்சு விடவும் படம் மாறவும் இடம் வேண்டும் என்பதால் 950ஐ இலக்காக வைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகப் படித்து, அதன் தலையில் நேரத்தை எழுதுங்கள். என்னுடையது இப்படி வந்தது:

1. பிரசவ வார்டில் ஓர் இரவு, அறிமுகம் – 1:40
2. செம்மெல்வைஸின் இளமை, படிப்பு – 2:20
3. இரண்டு வார்டுகள், இரண்டு விதமான சாவு எண்ணிக்கை – 2:30
4. அவர் சோதித்துக் கைவிட்ட காரணங்கள் – 3:40
5. பேராசிரியர் கொல்லெட்ஷ்காவின் மரணம் – 2:10
6. கை கழுவியதும் என்ன ஆயிற்று – 1:50
7. மருத்துவர்கள் ஏன் ஏற்கவில்லை – 3:00
8. "தாமதமாக எழுதியது அவர் தவறுதானே?" – 1:20
9. அவருடைய முடிவு, பின்னால் வந்தவர்கள் – 1:30

வெட்டத் தொடங்கும் முன் இந்தப் பிரதியை வேறொரு பெயரில் சேமித்து வையுங்கள். இன்னொரு கோப்பைத் திறந்து "வெட்டியவை" என்று பெயரிட்டு, எடுப்பதையெல்லாம் அங்கே ஒட்டுங்கள். ஒரேயடியாக அழிப்பதாக இருந்தால் கை தயங்கும். பக்கத்திலேயே இருக்கிறது என்று தெரிந்தால் தாராளமாக எடுக்கலாம்.

வாதத்தை நினைவிலிருந்து எழுதுங்கள்

அடுத்து ஸ்கிரிப்ட்டை மூடிவிட்டு, அதைப் பார்க்காமல் உங்கள் வாதத்தை அரைப் பக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு வரியும் ஒரு கூற்றாக இருக்க வேண்டும், தலைப்பாக இருக்கக் கூடாது. "இரண்டு வார்டுகள்" என்பது தலைப்பு. "ஒரே மருத்துவமனையில், ஒரே மாதிரியான பெண்கள், ஆனால் ஒரு வார்டில் சாவு பல மடங்கு" என்பது கூற்று. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் "ஆகையால்" அல்லது "ஆனால்" வர வேண்டும். "அப்புறம்" மட்டும்தான் பொருந்துகிறது என்றால் அங்கே கதை ஓடுகிறது, வாதம் ஓடவில்லை.

எனக்குக் கிடைத்தவை ஆறு வரி. ஒரே மருத்துவமனையின் இரண்டு வார்டுகளில் சாவு விகிதம் வேறாக இருந்தது. வழக்கமாகச் சொல்லப்பட்ட காரணங்கள் அந்த வேற்றுமையை விளக்கவில்லை. ஆகையால் வேறு காரணம் இருக்க வேண்டும், அது பிணவறையிலிருந்து கை வழியாக வருகிறது என்று ஒரு மரணம் காட்டியது. ஆகையால் கை கழுவச் சொன்னார், சாவு சரிந்தது. ஆனால் பெரும்பாலானவர்கள் ஏற்கவில்லை, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று நோயை உண்டாக்கும் என்று சொல்லும் கோட்பாடு அப்போது நிலைபெற்றிருக்கவில்லை. தாமதமாக எழுதினார் என்பது உண்மைதான், ஆனால் அது மட்டுமே காரணமாக முடியாது.

பார்க்காமல் எழுதுவதில் ஒரு பயன் உண்டு. நினைவில் வராதது வாதத்தின் உறுப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. 2 நிமிடம் 20 வினாடி ஓடிய இளமைப் பகுதி எனக்கு ஒரு வரியிலும் நினைவுக்கு வரவில்லை.

பத்து நிமிடத்தில் ஐந்து, ஆறு கூற்றுகள்தான் வசதியாக உட்காரும். உங்களுக்குப் பத்து வரி வந்தால் ஸ்கிரிப்ட்டை வெட்டுவதற்கு முன் வாதத்தையே சுருக்க வேண்டும். "ஏன் ஏற்கவில்லை, பிறகு எப்படி ஏற்றார்கள், இன்றைக்கு அதிலிருந்து என்ன கற்கலாம்" என்று மூன்று கேள்வி இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டை விடுங்கள். மூன்றையும் மூன்றில் ஒரு பங்கு ஆழத்தில் சொல்வதைவிட அது நேர்மையானது.

எந்தப் பகுதி எந்தக் கூற்றைத் தாங்குகிறது

இப்போது ஸ்கிரிப்ட்டைத் திறந்து, ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது தாங்கும் கூற்றின் எண்ணை எழுதுங்கள். எண் எதுவும் போட முடியாத பத்திகள் முதலில் வெளியே போகும். ஒரே எண் நான்கைந்து இடத்தில் வந்தால் அங்கே குறைக்க இடமிருக்கிறது. ஓர் எண் ஒரே இடத்தில் மட்டும் வந்தால் அந்தப் பத்தியைத் தொடக் கூடாது, அது எவ்வளவு சலிப்பாக இருந்தாலும்.

இளமைப் பகுதிக்கு எண் இல்லை, அதனால் முழுவதும் போனது. முடிவில் 1865இல் மனநலக் காப்பகத்தில் அவர் இறந்ததைச் சொல்லியிருந்தேன். அதற்கும் எண் இல்லை. ஸ்கிரிப்ட்டிலேயே எனக்குப் பிடித்த பத்தி அதுதான், எடுக்க மனம் வரவில்லை. ஆனாலும் அவர் துன்பப்பட்டு இறந்தது, மருத்துவர்கள் ஏன் ஏற்கவில்லை என்பதற்கு விடை தரவில்லை. எடுத்தேன். அதே பகுதியில் அறுவை மருத்துவர் லிஸ்டர் பற்றி நான்கு வாக்கியம் இருந்தது. நுண்ணுயிர் பற்றிய பாஸ்டரின் ஆய்வைப் பின்பற்றி, 1867இல் காயங்களில் கிருமிகளைக் கொல்லக் கார்பாலிக் அமிலம் பயன்படுத்துவதை அவர் வெளியிட்டார். வால் போலத் தெரிந்தாலும் இது ஐந்தாவது கூற்றுக்கான சான்று. கோட்பாடு கிடைத்ததும் அதே மாதிரியான நடைமுறைக்கு வழி திறந்தது என்று காட்டுகிறது. அதனால் கடைசிப் பகுதியில் மரணம் போய் லிஸ்டர் தங்கினார்.

இதற்கு நேரெதிரான பொறியும் உண்டு. மூன்றாவது பகுதியில், "எந்தப் பெண் எந்த வார்டுக்குப் போவார் என்பது அவர் வந்த நாளைப் பொறுத்தது" என்று ஒரு சின்ன வாக்கியம் இருந்தது. நிர்வாக விவரம் மாதிரித் தெரிகிறது, பேனா முதலில் அதைத்தான் தேடிப் போகும். ஆனால் இரண்டு வார்டுகளிலும் ஒரே மாதிரியான பெண்கள் இருந்தார்கள் என்று சொல்ல அந்த ஒரு வரிதான் ஆதாரம். அது போனால், ஏழைகள் ஒரு வார்டுக்கும் மற்றவர்கள் இன்னொன்றுக்கும் போயிருக்கலாமே என்று கேட்பவர் நினைப்பார், முதல் கூற்றே ஆடிவிடும்.

சான்றுகளை வேலையைப் பார்த்துக் குறையுங்கள்

அதிக நேரம் தின்றது நான்காவது பகுதி. செம்மெல்வைஸ் சோதித்துக் கைவிட்ட காரணங்கள் நான்கைச் சொல்லியிருந்தேன்: கெட்ட காற்று, வார்டின் நெரிசல், இறப்பவர்களுக்குக் கடைசிச் சடங்கு செய்யப் பாதிரியார் மணியடித்துக்கொண்டு வார்டு வழியாகப் போவதால் வரும் பயம், பிரசவத்தின்போது படுக்கும் நிலை. "நான்கில் இரண்டு போதும்" என்று முடிவெடுப்பது எளிது. எந்த இரண்டு என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். சுவையானவற்றை வைத்துக்கொள்வார்கள்.

ஒவ்வொரு சான்றும் செய்யும் வேலையைப் பாருங்கள். கெட்ட காற்று என்றால் இரண்டு வார்டுக்கும் பொது. நெரிசலைப் பார்த்தால் சாவு குறைந்த வார்டில்தான் கூட்டம் அதிகம். ஆகவே இவை இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன: "இது வேற்றுமையை விளக்காது, யோசித்தாலே தெரியும்." பாதிரியாரின் வழி ஒரு வார்டை மட்டும் பாதித்தது, அதை மாற்றிப் பார்த்தார், பலன் இல்லை. படுக்கும் நிலையும் வார்டுக்கு வார்டு வேறு, அதையும் மாற்றிப் பார்த்தார், பலன் இல்லை. இவற்றின் வேலை வேறு: "வேற்றுமை இருந்தது, அதை நீக்கியும் சாவு குறையவில்லை."

ஆகவே ஒவ்வொரு வகையிலும் ஒன்று வேண்டும். முதல் வகையில் நெரிசலை வைத்துக்கொண்டேன், ஏனென்றால் அது எதிர்த்திசையில் காட்டுவதால் வலுவானது. இரண்டாவதில் பாதிரியார் கதை சுவையானது, ஆனால் சூழலை விளக்கவே ஒரு நிமிடத்துக்குமேல் ஆகிறது. படுக்கும் நிலையை மூன்று வாக்கியத்தில் சொல்லலாம். அதை வைத்தேன். 3:40 என்பது 1:20 ஆனது. பாதிரியாரையும் படுக்கும் நிலையையும் வைத்துக்கொண்டிருந்தால் நேரமும் அதிகமாகியிருக்கும், வாதத்தின் ஒரு கால் காணாமலும் போயிருக்கும்.

மறுப்பை எடுக்காதீர்கள்

நேரம் போதவில்லை என்றதும் முதலில் பலியாவது மறுப்புக்குப் பதில் சொல்லும் பகுதிதான். "நம் தரப்பைச் சொல்லவே நேரமில்லை, எதிர்த்தரப்புக்கு எதற்கு?" என்று தோன்றும். ஆனால் கேட்பவர் மனதில் அந்த மறுப்பு எழுந்தே தீரும். நீங்கள் பதில் சொல்லாவிட்டால் மீதி நிமிடங்களில் அவர் உங்களைக் கேட்கவில்லை, அந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறார்.

என் ஸ்கிரிப்ட்டில் எட்டாவது பகுதி அது. செம்மெல்வைஸ் தன் நூலை 1861இல்தான் வெளியிட்டார், அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை என்பது பரவலான மறுப்பு. அதற்கு என் பதில், அவருடைய சக மருத்துவர் ஹெப்ரா 1847லும் 1848லும் இதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதிவிட்டார் என்பது. 1:20இலிருந்து பத்து வினாடி மட்டும் குறைத்தேன், அவ்வளவுதான். ஏழாவது பகுதியில், தங்கள் கையே நோயாளிகளைக் கொன்றது என்று ஒப்புக்கொள்ள மருத்துவர்களின் தன்மானம் இடம் தரவில்லை என்று ஒரு பத்தி இருந்தது. அதை ஒரே வாக்கியமாக்கினேன், ஆனால் எடுக்கவில்லை. கேட்பவர் தானாக நினைக்கும் காரணம் அதுதான் என்பதால், "அதுவும் இருந்தது, ஆனால் அது போதாது" என்று சொல்லியாக வேண்டும். 1848ஆம் ஆண்டுப் புரட்சியின்போது வியன்னாவில் நிலவிய அரசியலைப் பற்றி எழுதியது முழுவதும் போனது.

இப்போதுதான் வாக்கியங்கள்

பெரிய வெட்டுகள் முடிந்தபோது 13 நிமிடத்துக்கு வந்திருந்தேன். வாக்கிய அளவில் இறங்க வேண்டிய நேரம் இதுதான். முன்பே இறங்கியிருந்தால், பின்னால் தூக்கி எறியப்போகும் பத்திகளுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

ஐந்தாவது பகுதியின் தொடக்கம் முதலில் இப்படி இருந்தது:

"1847 மார்ச்சில் செம்மெல்வைஸ் மனம் தேறுவதற்காக வெனிஸ் நகரத்துக்குப் போயிருந்தார். அங்கிருக்கும் கலைச் செல்வங்களைப் பார்த்துவிட்டுப் புத்துணர்ச்சியோடு திரும்பி வந்தவரை ஒரு துக்கச் செய்தி வரவேற்றது. அவர் மிகவும் மதித்த பேராசிரியர் கொல்லெட்ஷ்கா இறந்துபோயிருந்தார். என்ன நடந்தது? பிரேதப் பரிசோதனை செய்துகொண்டிருந்தபோது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் பட்டுவிட்டது. சின்னக் காயம்தான். ஆனால் சில நாட்களில் உயிர் போய்விட்டது. செம்மெல்வைஸ் துக்கத்தில் ஆழ்ந்தார். அந்த மரணத்தைப் பற்றி இரவும் பகலும் யோசித்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் அவருக்கு ஒன்று புலப்பட்டது. பிரசவக் காய்ச்சலில் இறந்த பெண்களின் உடலில் தெரிந்த அதே மாற்றங்கள்தான் கொல்லெட்ஷ்காவின் உடலிலும் தெரிந்தன."

வெட்டிய பிறகு:

"1847 மார்ச்சில், பிரேதப் பரிசோதனையின்போது பேராசிரியர் கொல்லெட்ஷ்காவின் விரலில் ஒரு மாணவரின் கத்தி பட்டது. சில நாட்களில் இறந்துவிட்டார். பிரசவக் காய்ச்சலில் இறந்த பெண்களின் உடலில் தெரிந்த அதே மாற்றங்கள் அவர் உடலிலும் தெரிந்தன. அவருக்குப் பிரசவம் நடக்கவில்லை. பிணத்திலிருந்த ஏதோ ஒன்று கத்தி வழியாக உள்ளே போயிருக்கிறது."

வெனிஸ், துக்கம், "என்ன நடந்தது?" என்ற கேள்வி எல்லாம் போயின. கடைசி இரண்டு வாக்கியங்கள் புதியவை. பழைய பிரதியில் இந்த முடிவு இன்னொரு பத்தி தள்ளி வந்தது, இப்போது சான்றோடு ஒட்டி நிற்கிறது. வெட்டும்போது புதிதாக ஒரு வரி எழுதத் தயங்காதீர்கள். நான்கு வாக்கியத்தை எடுத்துவிட்டு ஒன்றைச் சேர்ப்பது லாபம்தான்.

இந்தக் கட்டத்தில் ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். "பெரும்பாலான", "ஓரளவு", "அந்த வார்டில்" போன்ற வரம்புச் சொற்கள் கொழுப்பு மாதிரித் தெரியும், எடுத்தால் வாக்கியம் விறைப்பாக நிற்கும். ஆனால் கூற்று மாறிவிடும். முதல் வார்டில் 1847 ஏப்ரலில் 18.3 சதவீதமாக இருந்த சாவு, மே மாத நடுவில் குளோரின் கரைசலில் கை கழுவத் தொடங்கிய பிறகு ஜூனில் 2.2 சதவீதமாக இறங்கியது. என் முதல் வெட்டில் இது "கை கழுவியதும் சாவு நின்றது" என்று ஆகியிருந்தது. ஐந்தாறு வினாடி மிச்சம், ஆனால் பொய். எண்களைத் திரும்பப் போட்டேன். நான் செய்வது இது: வெட்டிய பிரதியின் ஒவ்வொரு கூற்றையும் பழைய பிரதியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து, புதியது பழையதைவிட அதிகமாகச் சொல்கிறதா என்று மட்டும் கேட்பேன்.

ஒட்டுகள்

வெட்டிய இடத்தின் இரு பக்கமும் உள்ள வாக்கியங்களைச் சேர்த்து வாய்விட்டுப் படியுங்கள். "அதனால்", "மேலே சொன்ன", "அந்த", "இன்னொரு காரணம்" போன்றவை எதைச் சுட்டுகின்றன என்று பாருங்கள். சுட்டும் பொருள் "வெட்டியவை" கோப்பில் இருக்கலாம். "இன்னொரு காரணம்" என்று தொடங்கும் வாக்கியத்துக்கு முன்னால் முதல் காரணமே இல்லாமல் போவது சாதாரணமாக நடக்கும்.

இதைவிட மறைவான ஒன்று, ஒரு பகுதியில் விதைத்ததை இன்னொரு பகுதி நம்பியிருப்பது. இதை என் கண் பிடிக்கவில்லை. வெட்டிய பிரதியை, தலைப்பே தெரியாத ஒரு நண்பரிடம் படித்துக் காட்டினேன். நிறுத்தாமல், விளக்காமல், ஒரே முறை. முடிந்ததும் "பிடித்திருக்கிறதா?" என்று கேட்கவில்லை. "நான் என்ன சொன்னேன் என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்டேன். ஆறு கூற்றில் ஐந்தைச் சரியாகச் சொன்னார். மூன்றாவதில் நின்று, "பிணத்திலிருந்து வந்தது என்றால் இரண்டு வார்டிலும்தானே வர வேண்டும்?" என்றார்.

தேடிப் பார்த்தால், முதல் வார்டில் மருத்துவ மாணவர்கள் பயிற்சி பெற்றார்கள், அவர்கள் பிரேதப் பரிசோதனை முடித்துவிட்டு வார்டுக்கு வருவார்கள், இரண்டாவது வார்டில் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளுக்கு அந்த வேலை இல்லை என்ற விவரம் இளமைப் பகுதிக்குள் இருந்தது. செம்மெல்வைஸின் படிப்பைச் சொல்லும்போது போகிறபோக்கில் எழுதியிருந்தேன். பகுதி போனதும் அதுவும் சேர்ந்து போய்விட்டது. எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் இல்லாதது உறைக்கவில்லை. மூன்றாவது பகுதியில் இரண்டு வாக்கியமாகச் சேர்த்தேன்.

கேட்பவர் மறந்துவிட்டதற்கும் தடுக்கி விழுந்ததற்கும் வேறுபாடு உண்டு. ஒரு கூற்றை அவர் சொல்லாமல் விட்டால் அதன் குரல் மெலிந்திருக்கிறது, இன்னொரு வாக்கியம் கொடுங்கள். "ஆனால் எப்படி?" என்று கேட்டால் நடுவில் ஏதோ உடைந்திருக்கிறது, "வெட்டியவை" கோப்பில் தேடுங்கள்.

கடைசியாக மறுபடியும் டைமர். முழுவதையும் ஒரே மூச்சில், பதிவு செய்யும் வேகத்தில் படியுங்கள். இலக்கை மீறினால் வேகமாகப் பேசிச் சமாளிக்காதீர்கள். எண்களும் பெயர்களும் வேகத்தில் முதலில் தொலையும். என்னுடையது 10:20 வந்தது. வாக்கியங்களைத் திரும்பச் செதுக்க எதுவும் மிச்சமில்லை, அதனால் தொடக்கத்தைப் பார்த்தேன். வார்டில் ஓர் இரவு என்ற காட்சி ஒரு நிமிடமாகக் குறைந்திருந்தது. அதை அரை நிமிடமாக்கி, இரண்டு வார்டுகளின் வேற்றுமைக்கு நேராகப் போனேன். 9:50இல் நின்றது. மீதிப் பத்து வினாடியை, லிஸ்டர் வருவதற்கு முன் ஒரு சின்ன மௌனத்துக்கு விட்டேன்.